பட்டச் சான்றிதழ் எங்கே நிற்கிறது?

பி.காம். முடித்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் படித்தார். 2024 ஏப்ரலில் கடைசிப் பருவத் தேர்வு எழுதினார். ஜூன் 12ஆம் தேதி முடிவு வந்தது. எல்லாத் தாளிலும் தேர்ச்சி. மதிப்பெண் பட்டியலும் புரொவிஷனல் எனப்படும் தற்காலிகச் சான்றிதழும் ஜூலையில் கைக்கு வந்துவிட்டன. ஆகஸ்ட் 8ஆம் தேதி, பட்டச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் கல்லூரி வழியாகச் செலுத்தினார். அடுத்த ஆண்டு மார்ச் வந்தும் பட்டச் சான்றிதழ் வரவில்லை.

உள்ளூர் வேலைகளுக்குப் பெரும்பாலும் புரொவிஷனலே போதும். அதனால்தான் பலர் பட்டச் சான்றிதழைப் பற்றி ஆண்டுக்கணக்கில் கவலைப்படுவதில்லை. இவருக்கு வளைகுடா நாடு ஒன்றில் கணக்கர் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே போக, பட்டச் சான்றிதழின் மூலப் பிரதியில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்த நாட்டின் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். புரொவிஷனலை வைத்து இந்த வேலையை முடிக்க முடியாது. முத்திரையிட்ட சான்றிதழை மே 5ஆம் தேதிக்குள் காட்ட வேண்டும் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதியாக வேண்டிய நிலை.

இந்தக் கடிதத்தைத்தான் பலரும் தப்பாக எழுதுகிறார்கள். குடும்பக் கஷ்டம், அலைந்த அலைச்சல், கவுண்டரில் இருந்தவர் பேசிய பேச்சு என்று இரண்டு பக்கம் போகும். கடைசி வரியில் "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும். எழுதியவரின் வேதனை உண்மையானது. ஆனால் அந்தக் கடிதத்தைக் கையில் எடுக்கும் பிரிவு எழுத்தருக்கு, எந்தப் பதிவேட்டைத் திறப்பது, எந்த வரியைத் தேடுவது என்று அதில் ஒன்றுமே இருக்காது. பதிவெண்ணைக்கூட விட்டுவிட்ட கடிதங்கள் உண்டு. அப்படிப்பட்ட கடிதம் "பார்க்கவும்" என்ற ஒரு குறிப்போடு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகரும், சான்றிதழ் நகராது.

எழுதுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சான்றிதழ் எந்த இடத்தில் நிற்கிறது என்று முடிந்தவரை கண்டுபிடிக்க வேண்டும். இணைப்புக் கல்லூரி மாணவருக்கு அது வழக்கமாக வரும் பாதை இதுதான். மாணவர்களின் விண்ணப்பங்களையும் கட்டண விவரத்தையும் சேர்த்துக் கல்லூரி ஒரு பட்டியலாக அனுப்பும். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவு அதைத் தன் தேர்ச்சிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தகுதி பெற்றவர்களின் பட்டியல் பல்கலைக்கழக அமைப்புகளின் ஒப்புதலுக்குப் போகும். பட்டமளிப்பு விழாவில் பட்டங்கள் வழங்கப்படும்; நேரில் வராதவர்களுக்கும் அந்த விழாவிலேயே பட்டம் வழங்கியதாகக் கணக்கு. பிறகு அச்சு, கையெழுத்து, கல்லூரிக்கோ வீட்டு முகவரிக்கோ அனுப்புதல்.

இந்தப் பாதையில் அடைப்பு ஏற்படும் இடங்கள் பெரும்பாலும் நான்குதான். கல்லூரி அனுப்பிய பட்டியலில் அந்த மாணவரின் பெயர் விடுபட்டிருக்கும். அல்லது பெயரிலோ இனிஷியலிலோ பிறந்த தேதியிலோ பள்ளிச் சான்றிதழுக்கும் கல்லூரிப் பதிவுக்கும் முரண்பாடு இருந்து, பிரிவில் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். அதை மாணவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது பட்டமளிப்பு விழாவே நடந்திருக்காது. தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் சில பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் பதவி நீண்ட காலம் காலியாகவே இருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் விழாவுக்குத் தேதி குறிப்பதே இழுபறியாகிவிடும். நான்காவது, கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: சான்றிதழ் எப்போதோ அச்சாகிக் கல்லூரிக்கு வந்து, அலுவலக பீரோவில் கிடக்கும்.

அதனால் முதலில் போக வேண்டிய இடம் கல்லூரி அலுவலகம். அங்கே இரண்டு கேள்விகள் போதும். "என் விண்ணப்பம் எந்தத் தேதியில், எந்தக் கடித எண்ணில் பல்கலைக்கழகத்துக்குப் போனது? எங்கள் ஆண்டு மாணவர்களின் சான்றிதழ் கட்டு வந்துவிட்டதா?" முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒரு எண்ணும் ஒரு தேதியும். கடிதத்தின் முதுகெலும்பே அந்த எண்தான். கல்லூரி தர மறுத்தால், முதல்வருக்கு ஒரு பத்தியில் எழுதிக் கேட்டு, அதன் நகலில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு வேலை: அதே ஆண்டு, அதே வகுப்பில் படித்த இரண்டு மூன்று பேரிடம் அவர்களுக்கு வந்துவிட்டதா என்று கேட்பது. எல்லோருக்கும் வந்து தனக்கு மட்டும் வரவில்லை என்றால், சிக்கல் தன் கோப்பில். ஒருவருக்கும் வரவில்லை என்றால், விழாவிலோ கல்லூரிப் பட்டியலிலோ. இரண்டுக்கும் எழுத வேண்டிய கடிதம் வேறு வேறு.

நம் மாணவியின் விஷயத்தில், வகுப்புத் தோழிகள் சிலருக்குப் பிப்ரவரியிலேயே சான்றிதழ் கிடைத்துவிட்டது. விண்ணப்பங்களைக் கல்லூரி ஆகஸ்ட் 20ஆம் தேதி அனுப்பியதாகக் கடித எண்ணோடு தெரிந்துவிட்டது. இனி எழுதலாம்.

யாருக்கு எழுதுவது? சான்றிதழ் தேர்வுப் பிரிவின் வேலை. ஆகவே பெறுநர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். துணைவேந்தருக்கு எழுதினால்தான் மதிப்பு என்று நினைக்கிறார்கள். அங்கே போகும் கடிதமும் சுற்றிச் சுற்றி இதே அலுவலருக்குத்தான் வரும், இரண்டு வாரம் தாமதமாக. பதிவாளருக்கும் கல்லூரி முதல்வருக்கும் நகல் போதும். முதலமைச்சர், ஆளுநர், கல்வி அமைச்சர், நாளிதழ் ஆசிரியர் என்று பதினைந்து பேருக்கு நகல் போட்டால், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். அதோடு, முதல் கடிதத்திலேயே எல்லாக் கதவையும் தட்டிவிட்டால் அடுத்த படிக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

கடிதம் இப்படி அமையலாம். தமிழிலேயே எழுதலாம், தயங்கத் தேவையில்லை.

அனுப்புநர்: (பெயர், சான்றிதழில் இருக்கும்படியே, பதிவெண், பாடப்பிரிவு, கல்லூரி, முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்

நாள்: 17.03.2025

பொருள்: பி.காம். பட்டச் சான்றிதழ் – ஏப்ரல் 2024 தேர்வு – 08.08.2024இல் விண்ணப்பித்தும் வழங்கப்படாதது – 04.04.2025க்குள் வழங்கக் கோருதல்.

பார்வை: 1. கட்டண ரசீது, நாள் 08.08.2024. 2. கல்லூரி முதல்வரின் கடிதம், நாள் 20.08.2024. 3. எனது மின்னஞ்சல், நாள் 10.02.2025.

ஐயா / அம்மா,

ஏப்ரல் 2024இல் நடந்த தேர்வில் நான் பி.காம். பட்டத்துக்குத் தகுதி பெற்றேன். முடிவு 12.06.2024 அன்று வெளியானது. பட்டச் சான்றிதழுக்கான கட்டணத்தை 08.08.2024 அன்று செலுத்தினேன். என் விண்ணப்பத்தைக் கல்லூரி 20.08.2024 அன்று தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியுள்ளது.

06.01.2025 அன்று தேர்வுப் பிரிவுக்கு நேரில் வந்து கேட்டபோது, ஒரு மாதம் கழித்து வருமாறு சொல்லப்பட்டது. 10.02.2025 அன்று அனுப்பிய மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை. என்னுடன் படித்த சிலருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டுவிட்டது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டுப் பட்டம் வழங்கும் ஒழுங்குமுறைகளின்படி, மாணவர் தகுதி பெறும் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும். முடிவு வெளியான நாளிலிருந்து கணக்கிட்டாலும் அந்தக் காலம் 09.12.2024 அன்று முடிந்துவிட்டது.

எனக்குக் கிடைத்துள்ள வேலைக்காகச் சான்றொப்பம் பெற்ற மூலச் சான்றிதழை 05.05.2025க்குள் காட்ட வேண்டும். ஆகவே, என் பட்டச் சான்றிதழை 04.04.2025க்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேதிக்குள் இயலாது எனில், அதற்கான காரணத்தையும் வழங்கப்படும் தேதியையும் அதே நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். என் தரப்பில் ஏதேனும் ஆவணம் குறைவாக இருந்தால், எது என்று தெரிவித்தால் உடனே சமர்ப்பிக்கிறேன்.

இணைப்பு: ரசீது, கல்லூரிக் கடிதம், புரொவிஷனல், மின்னஞ்சல், வேலைக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள்.

நகல்: பதிவாளர், கல்லூரி முதல்வர்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. இதில் சில இடங்களை மட்டும் விளக்க வேண்டும்.

"பொருள்" வரியிலேயே என்ன நடக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பது வந்துவிட்டது. தபால் பிரிவில் கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றுபவர் பெரும்பாலும் அந்த வரியைப் பார்த்துத்தான் எழுதுவார். "புகார்" என்று மட்டும் எழுதினால் அது எந்தப் பிரிவுக்கும் போகலாம். "பட்டச் சான்றிதழ்" என்று இருந்தால் நேராக உரிய பிரிவுக்குப் போகும்.

தேதிகளை நடந்த வரிசையில் வைப்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் இணைப்பதும் முக்கியம். நேரில் போன ஜனவரி 6ஆம் தேதிக்கு மட்டும் சான்று இல்லை, வாய்மொழிதான். அதனால்தான் அங்கே பேசியவரின் பெயரோ குணமோ கடிதத்தில் இல்லை, சொன்ன செய்தி மட்டும் இருக்கிறது. கவுண்டரில் அவமதித்தார்கள் என்றால் அதைத் தனிக் கடிதமாக எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றில் கலந்தால், விசாரணை அந்த ஊழியரைப் பற்றியதாகத் திரும்பி, சான்றிதழ் பின்னால் போய்விடும். பல பிரிவுகளில் ஒரே எழுத்தர் பல கல்லூரிகளின் கோப்பைப் பார்க்கிறார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவர் நமக்கு எதிராளி அல்ல. அவருக்கு வேலையை எளிதாக்கும் கடிதமே நமக்குப் பலன் தரும்.

180 நாள் விதி பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2008இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் அது இருக்கிறது. மாணவர் தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது விதி. முடிவு வந்த நாளிலிருந்து எண்ணினால் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமான கணக்கு. அப்படியும் கெடு தாண்டிவிட்டது என்று காட்டும்போது மறுக்க இடமில்லை. சட்டத்தைப் பற்றி இந்த ஒரு வரி போதும். "வழக்குத் தொடர்வேன்" என்பது போன்ற மிரட்டல் முதல் கடிதத்தில் வேண்டாம். அப்படி எழுதிய கடிதம் சட்டப் பிரிவின் கருத்துக்குப் போய்த் தங்கிவிடக்கூடும்.

கோரிக்கைக்குத் தேதி குறிப்பது அகம்பாவம் என்று சிலர் தயங்குவார்கள். "விரைவில்" என்ற சொல்லுக்கு அலுவலகத்தில் அளவு கிடையாது. தேதி இருந்தால்தான் அது கடந்துபோனது என்று பிறகு சொல்ல முடியும். அதே சமயம் நடக்கக்கூடிய தேதியாக இருக்க வேண்டும். மூன்று நாளில் கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். பதினெட்டு நாள் நியாயமான அவகாசம். "இயலாது எனில் காரணம்" என்ற மாற்றுக் கோரிக்கையைத்தான் இந்தக் கடிதத்தின் மிக வலுவான வரி என்று நான் நினைக்கிறேன். சான்றிதழ் தராவிட்டாலும் அந்த அலுவலகம் ஏதாவது எழுதியாக வேண்டும். எழுதினால் அடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும். எழுதாவிட்டால் அந்த மௌனமே அடுத்த படிக்கு ஆதாரம்.

கடிதத்தை நேரில் கொடுப்பதானால், பிரிவு மேசையில் வைத்துவிட்டு வரக் கூடாது. தபால் பிரிவில் கொடுத்து, கையிலுள்ள நகலில் முத்திரையும் தேதியும் உள்வரவு எண்ணும் வாங்க வேண்டும். தூரத்தில் இருந்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன தேதியைக் காட்டும் இணையப் பக்கத்தை அச்செடுத்து ரசீதோடு வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்புவது நல்லது. மின்னஞ்சல் மட்டும் போதாது.

பதில் மூன்று விதமாக வரக்கூடும். "கல்லூரிக்கு அனுப்பப்பட்டுவிட்டது" என்று வந்தால், அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கி அதோடு கல்லூரிக்குப் போக வேண்டும். எண் இல்லாமல் போனால் "எங்களுக்கு வரவில்லை" என்று அங்கிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். "பெயரில் முரண்பாடு" என்று வந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகலோடு திருத்த விண்ணப்பம் தர வேண்டும். "பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகே" என்று வந்தால், சக மாணவர்களுக்குக் கிடைத்தது எப்படி என்ற கேள்வி எழுகிறது. ஒருவேளை அவர்கள் முந்தைய விழாவின் பட்டியலில் இடம்பெற்று, இவர் பெயர் மட்டும் விடுபட்டிருக்கலாம். இந்த இடத்தில்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவுகிறது.

2005ஆம் ஆண்டுச் சட்டம் அது. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புவது வழக்கம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "ஏன் என் சான்றிதழ் வரவில்லை?" என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடலாம். ஆவணத்தைக் கேட்க வேண்டும். கல்லூரி 20.08.2024 அன்று அனுப்பிய பட்டியல் எந்தத் தேதியில், எந்த எண்ணில் பதிவானது. அந்தப் பட்டியலில் என் பதிவெண் இருக்கும் பக்கத்தின் நகல். என் விண்ணப்பத்தின் மீது அன்று முதல் இன்று வரை எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல். அது இப்போது எந்தப் பதவியில் உள்ளவரின் பொறுப்பில் இருக்கிறது. இந்த நான்கும் போதும். இந்த மனு வந்ததும், பதில் எழுதுவதற்காகவாவது அந்தக் கோப்பை ஒருவர் தேடி எடுத்தாக வேண்டும். விடுபட்ட பெயர் பல சமயம் அந்தத் தேடலிலேயே அகப்பட்டுவிடும்.

இங்கே நாட்கணக்கைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 4 வரை காத்திருந்து பிறகு தகவல் மனு போட்டால், பதில் வர மே 5 தாண்டிவிடும். ஆகவே இந்த மாணவி கடிதம் கொடுத்த ஒரு வாரத்தில், மார்ச் 24ஆம் தேதியே மனுவை அனுப்பிவிட வேண்டும். அப்போதுதான் முப்பது நாள் ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் முடியும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ முப்பது நாளுக்குள் அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது; ஆனால் அங்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அவசரத்துக்கு அது உதவாது.

இன்னொரு வழி, மாணவர் குறைதீர் குழு. மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் இப்படி ஒரு குழு வைத்திருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு தன் பரிந்துரையைத் தர வேண்டும். அதில் குறை தீராவிட்டால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதி அந்தப் பொறுப்பில் இருப்பார். இங்கேயும் அனுப்ப வேண்டியது அதே கடிதமும் அதே இணைப்புகளும்தான், மேலே "04.04.2025 கடந்தும் பதில் இல்லை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பதுண்டு. கட்டணம் கட்டியிருக்கிறோமே என்பது அவர்கள் வாதம். தேர்வு நடத்துவதும் முடிவு அறிவிப்பதும் சான்றிதழ் தருவதும் சட்டப்படியான கடமையே தவிர விலைக்குத் தரும் சேவை அல்ல என்று, பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லிவிட்டது. ஆகவே அந்தப் பக்கம் போய் நாளைக் கழிக்க வேண்டாம். கடைசி வழி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. சென்னையிலோ மதுரைக் கிளையிலோ. கடமையைச் செய்யும்படி அலுவலகத்துக்கு ஆணையிடக் கேட்பது அது. அங்கே நீதிபதி முதலில் பார்ப்பது, மனுதாரர் எழுத்து மூலம் கேட்டாரா, அலுவலகம் மறுத்ததா அல்லது பேசாமல் இருந்ததா என்பதைத்தான். முத்திரை வாங்கிய அந்த ஒரு பக்கக் கடிதம் அப்போது வழக்கின் முக்கிய ஆவணமாகிறது. "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்" என்ற ஆணையே பெரும்பாலும் கிடைக்கும். சான்றிதழ் விஷயத்தில் அதுவே போதுமானது.

இதற்கிடையே வேலை தரும் நிறுவனத்தோடும் பேச வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தின் முத்திரையிட்ட நகலை அனுப்பி அவகாசம் கேட்டால், வெறும் வார்த்தையைவிட அதற்கு மதிப்பு அதிகம். பட்டம் டிஜிலாக்கரில் ஏற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவுக்குள் அது செல்லுபடியாகும் ஆவணம். சான்றிதழ் வரும் வரை தகுதியைக் காட்டவாவது உதவும். தூதரக முத்திரைக்கு மட்டும் காகிதச் சான்றிதழ்தான் வேண்டும்.

சான்றிதழ் வந்ததும், பெற்றுக்கொண்டதாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அங்கேயே நின்று படித்துப் பார்க்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், இனிஷியல், பாடம், வகுப்பு, தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் பாஸ்போர்ட்டோடும் மதிப்பெண் பட்டியலோடும் பொருந்துகின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் முத்திரையிடும் இடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிழை இருந்தால் வாங்காமல், அதே இடத்தில் பிழையைக் குறித்து எழுதிக்கொடுத்து, திருத்திய சான்றிதழ் எந்தத் தேதியில் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.